வைவா அறைக்கு வெளியே ஒரு மாணவி: இந்தக் கதையை எழுத நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வேலூரில் கல்லூரிப் பிள்ளைகளோடு சேர்ந்து கதை படித்து, எழுதி, பேசும் ஒரு சின்ன வட்டம் எங்களுடையது. ஏப்ரல், மே வந்தால் யாராவது ஒருவர் வைவா என்னும் வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவரைப் பற்றிக் கதை எழுதிக்கொண்டு வந்துவிடுவார். நான் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். இன்டர்னல் தேர்வாளராகவும், வெளிக் கல்லூரியிலிருந்து வரும் எக்ஸ்டர்னல் தேர்வாளராகவும் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் கேள்விகள் என்னிடம்தான் வருகின்றன. திரும்பத் திரும்ப வருபவற்றுக்கு இங்கே பதில் எழுதி வைக்கிறேன். உதாரணத்துக்கு ஒரே ஒரு கதையை எடுத்துக்கொண்டு கடைசிவரை அதையே கட்டிப் பார்க்கலாம். கதைநாயகி பவானி, கற்பனைப் பெண். ஊர் குடியாத்தம், எம்.எஸ்ஸி. வேதியியல் கடைசி வருஷம், வேலூரில் ஒரு கல்லூரி.

சார், வெளியே நிற்கிறாள், அவ்வளவுதானே. ஒன்றுமே நடக்கவில்லை. இதில் கதை எங்கே இருக்கிறது?

அவள் கையில் இருக்கும் ப்ராஜெக்டில் இருக்கிறது. பெரும்பாலான கதைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். மாணவி பயப்படுகிறாள் என்று எழுதிவிடுகிறார்கள், எதற்குப் பயப்படுகிறாள் என்று எழுதுவதில்லை. "வைவா பயம்" என்று பொதுவாக ஒன்று கிடையாது. வராண்டாவில் நிற்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு குறிப்பிட்ட பக்கத்தைப் பார்த்துத்தான் பயம். ஒருத்திக்குத் தான் புரியாமலே சேர்த்த கிராஃப், இன்னொருவனுக்கு சீனியர் ப்ராஜெக்டிலிருந்து அப்படியே எடுத்த முன்னுரை. அந்தப் பக்கம் எது என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டால் கதை பாதி வந்துவிட்டது.

பவானிக்கு அது 31-ஆம் பக்கம். வாணியம்பாடிப் பக்கம் எட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்ததுதான் அவள் ப்ராஜெக்ட். அதில் ஆறாவது கிணறு அவள் அத்தை வீட்டுக் கிணறு. அந்தத் தண்ணீரின் கடினத்தன்மைக்கான அட்டவணையில் மூன்று அளவீடுகள் இருக்கின்றன: 23.4, 23.4, 23.4. உண்மையில் அன்று ப்யூரெட் என்னும் அளவுக் குழாயில் அவள் பார்த்தது 23.4, 23.9, 24.1 மில்லி.

நெஞ்சு படபடத்தது, உள்ளங்கை வியர்த்தது என்று எழுதினால் பயம் வராதா?

வராது. மே மாதத்து வேலூரில் உள்ளங்கை எல்லோருக்கும்தான் வியர்க்கும். உடம்பை எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. உடம்பு என்ன செய்கிறது என்று எழுதுங்கள். பவானி கறுப்பு ரெக்சின் அட்டை போட்ட ப்ராஜெக்டைத் திறக்கிறாள். புது பைண்டிங், முதுகு இன்னும் விறைப்பாக இருக்கிறது. எந்தப் பக்கத்தில் விட்டாலும் தானாக மூடிக்கொள்கிறது, 31-ஆம் பக்கத்தில் மட்டும் அப்படியே விரிந்து நிற்கிறது. காலையிலிருந்து அந்த ஒரு பக்கத்தையே விரித்து விரித்துப் பார்த்ததில் தையல் அங்கே தளர்ந்துவிட்டது. எக்ஸ்டர்னல் கையில் கொடுத்தாலும் நேராக அந்தப் பக்கம்தான் விரியுமோ என்று நினைத்து, வேறு பக்கங்களை அழுத்தி அழுத்தித் திறந்து விடுகிறாள். "படபடத்தது" என்ற சொல் வராமலே வாசகருக்குப் பயம் தெரிந்துவிடும்.

வேதியியல் தெரியாதவர்களுக்கு 23.4, 24.1 எல்லாம் புரியுமா? பயந்து ஓடிவிட மாட்டார்களா?

தேவையானதை மட்டும் சொன்னால் புரியும். எழுதுகிற உங்களுக்கு முழுவதும் தெரிந்திருக்க வேண்டும், வாசகருக்குக் கால்வாசி போதும். முழுவதையும் இங்கே சொல்கிறேன், கதைக்கு எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

கிணற்றுத் தண்ணீர் 50 மில்லியைக் கோனிக்கல் ஃபிளாஸ்கில் எடுத்துக்கொள்கிறாள். அம்மோனியா பஃபர் கொஞ்சம் ஊற்றுகிறாள், பிஹெச் 10 பக்கம் நிற்பதற்காக. எரியோகுரோம் பிளாக் டி என்ற நிறங்காட்டி இரண்டு மூன்று சொட்டு விட்டதும் தண்ணீர் ஒயின் சிவப்பாக மாறுகிறது. ப்யூரெட்டிலிருந்து இடிடிஏ கரைசலை விட்டுக்கொண்டே வர வேண்டும். கால்சியம், மெக்னீசியம் எல்லாவற்றையும் இடிடிஏ பிடித்துக்கொண்டு முடித்த அந்தச் சொட்டில் சிவப்பு போய் நீலம் வரும். எத்தனை மில்லி செலவானது என்று குறித்துக்கொண்டு, மறுபடி முதலிலிருந்து செய்ய வேண்டும். இரண்டு முறையாவது ஒரே அளவு வந்தால்தான் அது கணக்கில் சேரும். அதைத்தான் லேப்பில் கன்கார்டன்ட் வேல்யூ என்பார்கள்.

பவானிக்கு அது வரவில்லை. பஃபர் பாட்டிலின் மூடி சரியாக மூடாமல் பல நாள் கிடந்திருக்கிறது. அம்மோனியா பறந்துவிட்டால் பிஹெச் இறங்கிவிடும், நிறம் சட்டென்று மாறாது. சிவப்புக்கும் நீலத்துக்கும் நடுவே ஒரு கலங்கிய ஊதா வந்து நின்றுகொள்ளும். முடிந்ததா, இன்னும் ஒரு சொட்டு விடலாமா என்று தெரியாது. ஒரு சொட்டு, இன்னொரு சொட்டு என்று போய் ஒவ்வொரு முறையும் அளவு கொஞ்சம் தள்ளிப்போனது. ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதால் நோட்டில் குறித்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். திங்கட்கிழமை வந்து மறுபடி செய்யலாம் என்று பார்த்தால், லேப் அட்டெண்டர் எல்லா பாட்டிலையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். ப்ராஜெக்ட் டைப் அடிக்கக் கொடுக்கும்போது மூன்று இடத்திலும் 23.4 என்று எழுதிக் கொடுத்துவிட்டாள்.

இதில் கதைக்கு என்ன வேண்டும்? கலங்கிய ஊதா நிறம், கழுவிக் கவிழ்த்த பாட்டில், ஒரே எண் மூன்று முறை. இந்த மூன்று போதும். இடிடிஏ என்றால் என்ன என்று கதையில் விளக்க வேண்டாம். "சிவப்பு போய் நீலம் வர வேண்டும், வரவில்லை" என்றால் தறி ஓட்டும் அவள் அப்பாவுக்கும் புரியும்.

இவ்வளவு சின்னப் பொய்க்கு இவ்வளவு பயமா? பெரிய தப்பாக ஏதாவது வைத்தால் கதை கனமாக இருக்காதா?

சின்னதாக இருப்பதுதான் இங்கே பலம். கணக்குப் போட்டுப் பாருங்கள். இடிடிஏ 0.01 மோலார் என்றால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம் கால்சியம் கார்பனேட் என்று கணக்கு. 50 மில்லித் தண்ணீரில் 23.4 மில்லிகிராம், அதை இருபதால் பெருக்கினால் லிட்டருக்கு 468. அவள் மறைத்த 24.1-ஐப் போட்டால் 482. குடிநீருக்கான இந்தியத் தரத்தில் கடினத்தன்மை 200-க்குள் இருந்தால் நல்லது, வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 600 வரை பரவாயில்லை. 468 ஆனாலும் 482 ஆனாலும் அத்தை வீட்டுத் தண்ணீர் அந்த இரண்டுக்கும் நடுவில்தான் நிற்கிறது. அந்த வீட்டில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

அதாவது அவள் பொய் சொல்லியிருக்கவே வேண்டாம். மூன்று எண்ணையும் உள்ளபடி போட்டு, எண்ட் பாயின்ட் சரியாக வரவில்லை என்று ஒரு வரி எழுதியிருந்தால் யாரும் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். வராண்டாவில் நிற்கும்போதுதான் இந்தக் கணக்கு அவளுக்கு உறைக்கிறது. முடிவு மாறவில்லை, தான் மாற்றியது மட்டும் மாற்றியதாகவே இருக்கிறது. காசு கொடுத்து ப்ராஜெக்ட் வாங்கினாள் என்று எழுதியிருந்தால் வாசகர் அவளை விட்டு விலகிப் போய்விடுவார். இதில் விலக முடியாது. லேப்பில் கைவைத்த யாருக்கும் இந்த ஆசை ஒரு தடவையாவது வந்திருக்கும்.

வராண்டாவில் மற்றவர்களை எழுத வேண்டுமா, அவளை மட்டும் எழுதினால் போதாதா?

கட்டாயம் எழுத வேண்டும். உள்ளே நடப்பது வெளியே வருவது அவர்கள் வழியாகத்தான். ரெஜிஸ்டர் நம்பர் வரிசையில் கூப்பிடுகிறார்கள் என்பதால் தனக்கு முன்னால் எத்தனை பேர் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் உள்ளே எவ்வளவு நேரம் இருந்தார் என்பதே ஒரு செய்தி. முதல் பையன் ஐந்து நிமிஷத்தில் வந்துவிட்டால் வராண்டா முழுக்க மூச்சு விடும். அடுத்தவள் கால் மணி நேரம் ஆகியும் வரவில்லை என்றால் பேச்சு நின்றுபோகும்.

வெளியே வருபவர்கள் சரியாகச் சொல்லவும் மாட்டார்கள். இதை நான் கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். நான் "பஃபர் எதற்கு?" என்று சாதாரணமாகக் கேட்டது, வெளியே போனதும் "பஃபர் ரியாக்‌ஷன் முழுசா எழுதிக் காட்டணுமாம்" என்று ஆகியிருக்கும். கேள்வி கதவைத் தாண்டியதும் பெரிதாகிவிடுகிறது. இதைக் கதையில் பயன்படுத்துங்கள்.

பவானிக்கு முன்னால் போனவள் வெளியே வந்து சொல்வது இதுதான்:

"ரஃப் நோட்ட கேக்குறாருடி. வெச்சிகீறியா?"

கதை திரும்பும் இடம் இந்த வரிதான். ரஃப் நோட்டில் 23.4, 23.9, 24.1 அப்படியே இருக்கிறது, நோட்டு பையில் இருக்கிறது. கிழித்துவிடலாமா? பக்கங்களுக்கு எண் போட்டிருக்கிறது. போதாததற்குக் கீழே கைடு பச்சை மையில் தேதியோடு கையெழுத்தும் போட்டிருக்கிறார், எண்களைப் பார்க்காமலேயே. "வீட்டில் வைத்துவிட்டேன்" என்று சொல்லலாமா? இனி அவள் வெறுமனே காத்திருக்கவில்லை, ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கிறது. வெளியே நிற்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை என்ற முதல் கேள்விக்கு இங்கே தீர்வு கிடைத்துவிடும்.

எக்ஸ்டர்னலை எப்படி எழுதுவது? கடுகடுப்பாகக் காட்டினால்தானே பயம் வரும்?

அவரைக் காட்டவே வேண்டாம். கதவு மூடியிருக்கட்டும். உள்ளே நாற்காலி இழுக்கும் சத்தம், ஒரு இருமல், அட்டெண்டர் டீ எடுத்துக்கொண்டு போகும்போது கதவிடுக்கில் தெரியும் ஒரு வெள்ளைச் சட்டைக் கை, அவ்வளவு போதும். வெளியே பிள்ளைகள் அவருக்கு ஒரு முகத்தை உண்டாக்கிக்கொள்வார்கள். போன வருஷம் வேறு காலேஜில் யாரையோ அழவிட்டாராம் என்று ஒருவன் சொல்வான். அவனும் யாரிடமோ கேட்டதுதான்.

நிஜத்தில் அந்த மனிதருக்கும் அது நீண்ட நாள்தான். வெளியூரிலிருந்து காலையிலேயே கிளம்பி வந்திருப்பார். சாயங்காலத்துக்குள் எல்லா ப்ராஜெக்டையும் பார்த்து, சான்றிதழ்ப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, மதிப்பெண் தாளை உறையில் போட்டு ஒட்ட வேண்டும். ஒருவரை மடக்குவதற்கு அவருக்கு நேரமும் இல்லை, ஆர்வமும் இருக்காது. இது உங்களுக்குத் தெரிந்திருந்தால் கடைசியில் கதவு திறக்கும்போது அவரை மனிதராக எழுத முடியும்.

வேலூர் என்று தெரிய வேண்டுமே. கோட்டை, ஜலகண்டேஸ்வரர், பாலாறு எல்லாம் எழுதலாமா?

அவள் கண்ணில் படுவது எதுவோ அதை எழுதுங்கள். வைவாவுக்கு நிற்கிறவள் கோட்டையை நினைக்க மாட்டாள். காலையில் குடியாத்தத்திலிருந்து வந்த பஸ்ஸில் புடவை கசங்கியதை நினைப்பாள். அட்டையில் தங்க எழுத்து நேராக விழவில்லை என்று பைண்டிங் கடையில் சண்டை போட்டதை நினைப்பாள். அப்பாவின் லுங்கித் தறியில் பாவு ஏற்றும் நாளில் தான் இங்கே வந்துவிட்டதை நினைப்பாள்.

பாலாறு மட்டும் இந்தக் கதைக்குள் தானாகவே வரும், ஏனென்றால் ப்ராஜெக்டே அந்தத் தண்ணீர்தான். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது, அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

பேச்சு மொழி இந்தப் பக்கத்தையே காட்டட்டும். "இன்னா கேட்டாரு?", "உள்ள போசொல்ல கை நடுங்குச்சி" என்று உரையாடலில் வரட்டும். எல்லா வரியிலும் வேண்டாம், படிப்பவர் தடுக்கி விழாத அளவு போதும். பவானி எக்ஸ்டர்னலிடம் இப்படிப் பேச மாட்டாள் என்பதையும் மறக்காதீர்கள். கதவைத் தாண்டியதும் "யெஸ் சார்" ஆகிவிடும்.

தோல் ஆலைக் கழிவைப் பற்றிக் கதையில் சொல்லலாமா, பிரச்சாரம் ஆகிவிடுமா?

நீங்கள் சொல்ல வேண்டாம், பவானி ஏற்கெனவே சொல்லிவிட்டாள். ப்ராஜெக்டின் கடைசிப் பக்கத்தில் "இக்கிணறுகளின் கடினத்தன்மைக்குத் தோல் தொழிற்சாலைக் கழிவே காரணம்" என்று முடிவுரை எழுதியிருக்கிறாள். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை என்றால் இங்கே எல்லோருக்கும் முதலில் தோன்றுவது அதுதான். பாலாற்றுத் தண்ணீர் கெட்ட கதை உச்ச நீதிமன்றம் வரை போய், 1996-இல் தீர்ப்பே வந்தது. அதனால் அந்த வரியைப் பற்றி அவளுக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை.

ஆனால் அவள் ப்ராஜெக்டில் உண்மையாகவே ஆட்டம் காண்பது அந்த வரிதான். கடினத்தன்மையை மட்டும் வைத்துக்கொண்டு ஆலைதான் காரணம் என்று சொல்ல முடியாது. நிலத்தடிப் பாறையிலிருந்தே கால்சியமும் மெக்னீசியமும் கரைந்து வரும். ஆலைக்கு எட்டாத கிணற்றிலும் தண்ணீர் கடினமாக இருக்கலாம். ஆலையைச் சொல்ல வேண்டுமென்றால் தோலுக்குப் போடும் உப்பிலிருந்து வரும் குளோரைடையும், பதனிட உதவும் குரோமியத்தையும் பார்த்திருக்க வேண்டும். ஆலைக்கு அருகில், தொலைவில் என்று கிணறுகளைப் பிரித்து ஒப்பிட்டிருக்க வேண்டும்.

வைவாவுக்கு நிற்கிற பிள்ளைகளிடம் நான் திரும்பத் திரும்பக் கண்டது இதைத்தான். அவர்கள் பயப்படும் பக்கம் ஒன்று, ப்ராஜெக்டின் பலவீனம் இருக்கும் பக்கம் வேறொன்று. தான் தப்பு செய்த இடம் நமக்குத் தெரியும், அதனால் பயப்படுகிறோம். தெரியாத இடத்தைப் பற்றிப் பயப்படக்கூடத் தெரியாது. இந்த இடைவெளி கதைக்குள் வந்துவிட்டால் வேறு திருப்பம் எதுவும் தேட வேண்டாம். வாசகருக்கு முன்கூட்டியே சொல்லிவிடாதீர்கள். அவள் முடிவுரையை நிம்மதியோடு ஒருமுறை வாசித்துப் பார்ப்பதாக நடுவில் ஒரு வரி மட்டும் போதும்.

பெயரைக் கூப்பிட்டதும் கதையை முடித்துவிடலாமா? உள்ளே போக வேண்டுமா?

கதவு திறந்ததும் முடிப்பது சுலபம், நிறையப் பேர் அப்படித்தான் முடிக்கிறார்கள். இந்தக் கதைக்கு அது பொருந்தாது. ரஃப் நோட்டை என்ன செய்தாள் என்று வாசகர் தெரிந்துகொள்ள விரும்புவார், அதை மறைப்பது நியாயம் இல்லை. நான் எழுதினால் அரைப் பக்கம் மட்டும் உள்ளே போவேன். ஏறக்குறைய இப்படி:

> எக்ஸ்டர்னல் கடைசிப் பக்கத்தைத் திறந்தார். "ஆலைதான் காரணம்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்மா?"
>
> பவானிக்குக் கேள்வி புரியவில்லை. எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை.
>
> "குளோரைடு பாத்தீங்களா?"
>
> "இல்ல சார்."
>
> அவர் ஏதோ குறித்துக்கொண்டார். ரஃப் நோட்டைக் கேட்கவில்லை. கேட்பார் என்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் பேனாவை மூடும்போது அவளே பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தாள். "சார், ஆறாவது கிணத்துல நான் போட்டிருக்கிற ரீடிங் வேற, இதுல இருக்கிறது வேற."
>
> அவர் அந்தப் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். 23.4. 23.9. 24.1.
>
> "ஏறிக்கிட்டே போயிருக்கு. பஃபர் பழசா?"

இதற்கு மேல் ஒரு வரியும் வேண்டாம். அவர் மன்னித்தாரா, மார்க் குறைத்தாரா என்று எழுதினால் கதை நீதிக்கதை ஆகிவிடும். அந்த மூன்று எண்ணைப் பார்த்ததும் அனுபவசாலி ஒருவருக்கு முதலில் பொய் தெரிவதில்லை, பழைய பஃபர்தான் தெரிகிறது. பொய்யான 23.4, 23.4, 23.4 அவருக்கு ஒன்றுமே சொல்லியிருக்காது. அவள் மறைத்த எண்கள் அவளுக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகின்றன.

சிலர் இதை ஒத்துக்கொள்வதில்லை. அவள் நோட்டைக் காட்டாமல் வெளியே வந்து, அடுத்தவனிடம் "ரஃப் நோட்டெல்லாம் கேக்கலடா" என்று சொல்வதாக முடிக்கலாம் என்பார்கள். அதுவும் நல்ல முடிவுதான், ஒருவேளை அதுதான் அதிகம் நடப்பதும். ஆனால் அப்போது கதையின் நடுப்பகுதியை மாற்ற வேண்டும். நோட்டைக் கிழிக்கலாமா என்று அவள் அவ்வளவு யோசிக்கக் கூடாது.

"நான்" என்று எழுதலாமா, "அவள்" என்று எழுதலாமா?

"அவள்". "நான்" என்றால் 31-ஆம் பக்கத்தின் விஷயத்தை முதலிலேயே சொல்லியாக வேண்டும், அல்லது வாசகரிடம் மறைக்க வேண்டும். இரண்டும் இடிக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பதாக எழுதலாம்?

அவளுக்கு முன்னால் மூன்று பேர் போதும். அதற்கு மேல் போனால் ஆட்களைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். நடுவில் சாப்பாட்டு இடைவேளை வந்தால் நல்லது. அடுத்து அவள்தான் என்று இருக்கும்போது கதவு திறந்து, எக்ஸ்டர்னல் கைகழுவப் போகிறார், நாற்பது நிமிஷம். டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கும் அந்த நேரத்தில்தான் 468-ஆ 482-ஆ என்ற கணக்கை அவள் போட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் வேண்டாம்.

வேதியியலுக்குப் பதில் மருத்துவக் கல்லூரி மாணவரையோ பிஎச்.டி. செய்பவரையோ வைத்து இதே கதையை எழுதலாமா?

ஆளை மாற்றினால் காத்திருப்பும் மாறிவிடும், அதனால் இதே கதையாக இருக்காது. பிஎச்.டி. வைவா பொதுவில் நடப்பது. சபையில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம், கேள்வியும் கேட்கலாம். அங்கே மூடிய கதவு கிடையாது, தெரிந்தவர்கள் எல்லோர் முன்னாலும் நிற்பதுதான் பயம். மருத்துவ மாணவர் வைவாவுக்கு முன்னால் நோயாளியைப் பார்த்துவிட்டு வருகிறார். அவருடைய 31-ஆம் பக்கம் ஒரு மனிதர். கட்டிலில் படுத்திருக்கும் அந்தப் பெரியவரிடம் கேட்க மறந்த ஒரு கேள்வியோடு அவர் நிற்பார், அந்தப் பெரியவரும் அதே கட்டடத்தில்தான் இருக்கிறார். திரும்பிப் போய்க் கேட்கவும் முடியாது. அதை எழுத ஆசை இருந்தால் முதலில் ஒரு மருத்துவ மாணவரோடு உட்கார்ந்து, கேஸ் எடுப்பது முதல் கடைசிக் கேள்வி வரை வரிசையாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அங்கிருந்து ஆரம்பிக்கலாம்.